போன் பக்கத்தில் வந்தால் ஸ்பீக்கர் கத்துகிறதா? தாளத்தை வைத்துக் காரணம் பிடிக்கலாம்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் தெருவுக்கு ஒரு மைக் செட் கட்டிவிடுவார்கள். ரிப்பேர் கடைக்கு ஆம்ப்ளிஃபயர்களும் வரிசையாக வரத் தொடங்கும். அவற்றில் பாதிக்கு ஒரே புகார்தான்: "ணா, பாட்டு நல்லாத்தான் போகுது. நடுவுல திடீர்னு டிட்டிட் டிட்டிட்னு அடிக்குது, அப்புறம் ட்ரர்ருனு இழுக்குது. ஐசி போயிடுச்சா பாருங்க."

ஐசி போயிருக்காது. செட்டைத் திறப்பதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி, பாட்டு போடும் போன் எங்கே இருந்தது என்பதுதான். "ஆம்ப்ளிஃபயர் மேலதான்" என்ற பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அந்தச் சத்தம் எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்று கண்டுபிடிப்பது. அதற்கு முன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காரணம் புரிந்தால், சத்தத்தைக் கேட்டே எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் போனை இழுக்கிறது, அதனால்தான் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். காந்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குற்றவாளி போனின் 2ஜி ரேடியோ.

2ஜியில் ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒரே குழாயடியில் எட்டுப் பேர் முறை வைத்துத் தண்ணீர் பிடிப்பது மாதிரி. ஒரு சுற்று முடிய 4.615 மில்லி வினாடி ஆகும். அதில் உங்கள் போனுக்குக் கிடைப்பது எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.577 மில்லி வினாடி. அந்த நேரத்துக்குள் மட்டும் போன் முழு வேகத்தில் அனுப்பிவிட்டு, அடுத்த முறை வரும் வரை வாயை மூடிக்கொள்ளும். இப்படி அனுப்புவதும் நிறுத்துவதும் ஒரு வினாடிக்குச் சுமார் 217 தடவை நடக்கிறது.

போன் அனுப்பும் அலையின் அதிர்வெண் 900 அல்லது 1800 மெகாஹெர்ட்ஸ். அதை எந்த ஸ்பீக்கராலும் ஒலிக்க முடியாது, எந்தக் காதாலும் கேட்க முடியாது. ஆனால் ஆம்ப்ளிஃபயரின் முதல் டிரான்சிஸ்டரோ ஐசியோ அந்த அலையைப் பழைய ஏஎம் ரேடியோவின் டயோடு செய்வதைப் போலவே நேராக்கிவிடுகிறது. வேகமான அலை மறைந்து, அது வந்து வந்து நின்ற அடையாளம் மட்டும் மிஞ்சுகிறது. வினாடிக்கு 217 தட்டு என்பது காதுக்கு நன்றாகவே கேட்கும் சத்தம். ஆம்ப்ளிஃபயர் அதைப் பாட்டு என்று நினைத்துப் பெருக்கி வெளியே தள்ளுகிறது.

அது குறுகிய தட்டு என்பதால் 217 ஹெர்ட்ஸோடு மட்டும் நிற்பதில்லை. 433, 650 என்று அதன் மடங்குகளும் கூடவே வரும். அதனால்தான் பேஸ் குமிழைக் குறைத்தாலும் ட்ரெபிளைக் குறைத்தாலும் இந்தச் சத்தம் போவதில்லை. பாட்டு இருக்கும் இடம் முழுக்க இதுவும் இருக்கிறது.

போன் அலையைப் பிடித்துக் கொடுக்கும் ஆன்டெனா எது? ஒயர்தான். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, எட்டு சென்டிமீட்டர் ஒயர் இருந்தாலே போதும், நல்ல ஆன்டெனா ஆகிவிடும். மைக் ஒயர், ஆக்ஸ் ஒயர், ஸ்பீக்கர் ஒயர் எல்லாமே அதைவிட நீளம்.

அறிகுறி: ரிங் அடிப்பதற்கு முன்பே "டிட்டிட் டிட்டிட்"

கால் வரப்போகிறது என்று ஸ்பீக்கர் முன்கூட்டியே சொல்வது போல இருக்கும். டவர் போனைக் கூப்பிடும், போன் பதில் சொல்லும், தான் யார் என்று நிரூபிக்கும், பிறகு பேசுவதற்கு ஒரு சேனல் வாங்கும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ரிங்.

இந்தப் பேச்சுவார்த்தையின்போது போன் விடாமல் அனுப்புவதில்லை. நாலு தட்டு சேர்ந்த ஒரு சின்னக் கொத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். அப்படிப்பட்ட கொத்து ஏறக்குறைய கால் வினாடிக்கு ஒன்று போகும். இடையிடையே இன்னொரு கொத்தும் சேர்ந்துகொள்வதால்தான் அந்த நொண்டித் தாளம். இந்தத் தாளம் கேட்டால் வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம், 2ஜி போன்தான்.

யாரும் கூப்பிடாமலே எப்போதாவது ஒரு முறை இதே தாளம் வந்து போனால் பயப்பட வேண்டியதில்லை. போன் "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று டவருக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் சொல்லிக்கொண்டே இருக்கும். எஸ்எம்எஸ் வந்தாலும் இதே கதைதான்.

அறிகுறி: பேசும்போது மட்டும் விடாத "ட்ரர்ர்ர்"

கால் எடுத்தவுடன் ஒவ்வொரு சுற்றிலும் அனுப்ப வேண்டும் என்பதால் தாளம் போய், இழுவை வரும். சுத்தமான ஒரே ஸ்வரமாக இல்லாமல் நடுங்குவது போல இருக்கும். 26 சுற்றுக்கு ஒரு முறை போன் ஒரு சுற்று சும்மா இருக்கும், அந்த இடைவெளிதான் நடுக்கம். இன்னொன்றையும் கவனியுங்கள். பல நேரங்களில் நீங்கள் பேசும்போது இரைச்சல் முழுதாக இருக்கும், எதிர்முனையில் இருப்பவர் பேசும்போது சட்டென்று குறைந்து இங்கொன்று அங்கொன்றாகத் தட்டும். பேச்சு இல்லாதபோது போன் அனுப்புவதைக் குறைத்து பேட்டரியை மிச்சம் பிடிப்பதால் வரும் வித்தியாசம் அது. மின்சாரத்திலிருந்து வரும் எந்த இரைச்சலும் இப்படி உங்கள் பேச்சுக்கு ஏற்ப ஏறி இறங்காது.

"என்னுடையது 4ஜி போன், 5ஜி போன், இதில் எங்கே 2ஜி?" என்று கேட்பார்கள். கால் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள். 4G என்று இருந்த இடத்தில் E அல்லது G அல்லது 2G என்று மாறியிருந்தால் விஷயம் அதுதான். கால் பேச்சையும் 4ஜியிலேயே அனுப்பும் VoLTE வசதி செட்டிங்கில் அணைந்திருந்தாலோ, அந்தப் போன் அதை ஆதரிக்காவிட்டாலோ, நெட் 4ஜியில் ஓடினாலும் கால் மட்டும் கீழே இறங்கிவிடும். ஏர்டெல் போன்ற நிறுவனங்கள் 3ஜியை எடுத்துவிட்டதால் இறங்கினால் நேராக 2ஜிதான். 3ஜி தட்டித் தட்டி அனுப்பாமல் தொடர்ச்சியாக அனுப்பும் முறை என்பதால் அதில் இந்தச் சத்தம் இல்லை. பழைய 3ஜி போனில் வராத இரைச்சல் இப்போது வருகிறது என்று சொல்பவர்கள் கற்பனை செய்துகொண்டு சொல்வதில்லை.

ஜியோவில் 2ஜியே கிடையாது. ஆனால் இரண்டு சிம் போட்ட போனில் இன்னொரு சிம் வேறு நிறுவனத்துடையதாக இருந்தால் அது கத்தும். அப்புறம், பெரியவர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் 2ஜி பட்டன் போனை மறக்காதீர்கள். மைக் முன்னால் நின்று பேசுபவரின் பையில்தான் அது இருக்கும்.

முதல் மருந்து இதுதான்: செட்டிங்கில் VoLTE-ஐப் போடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் 2ஜியை அணைக்கும் சுவிட்ச் சிம் செட்டிங்கில் இருந்தால் அதை அணையுங்கள். இல்லாவிட்டால் டயல் திரையில் இதை அடித்துப் பாருங்கள்:

```
*#*#4636#*#*
```

போன் பற்றிய விவரப் பக்கம் திறந்தால் அங்கே எந்த நெட்வொர்க் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். சில போன்களில் இது திறக்காது. இன்னொரு எச்சரிக்கை: VoLTE இல்லாத போனில் 2ஜியை அணைத்தால் கால் எடுக்கவே முடியாமல் போகலாம். அணைத்த கையோடு ஒரு கால் போட்டுச் சரிபாருங்கள்.

4ஜியிலும் சில அலைவரிசைகள், குறிப்பாக 2300 மெகாஹெர்ட்ஸ், அனுப்புவதும் வாங்குவதும் மாறி மாறி நடக்கும் முறையில் இயங்குகின்றன. அதிலும் மெல்லிய இரைச்சல் வர வாய்ப்புண்டு. ஆனால் 4ஜி போனின் உச்சச் சக்தி பொதுவாக 0.2 வாட். 2ஜி போன் 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட் வரை போகும். ஒயர் மேலேயே போனைப் படுக்க வைத்தாலொழிய 4ஜி இரைச்சல் பெரும்பாலும் காதில் விழாது.

அறிகுறி: ஒரு இடத்தில் கத்துகிறது, இன்னொரு இடத்தில் இல்லை

அதே போன், அதே செட், அதே தூரம். கடற்கரையோரம் திறந்த இடத்தில் கட்டினால் சத்தம் இல்லை; ராயபுரத்துச் சந்துக்குள் தகரக் கூரை போட்ட கூடத்தில் கட்டினால் காது கிழிகிறது. செட்டில் கோளாறு எதுவும் இல்லை. டவர் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் போன் தன் சக்தியைச் சில மில்லிவாட் அளவுக்குக் குறைத்துக்கொள்ளும். தகரத்துக்குள்ளும் பழைய கெட்டிச் சுவருக்குள்ளும் சிக்னல் இளைக்கும்போது முழு 2 வாட்டுக்கும் ஏற்றிவிடும்.

அதனால் போனை ஜன்னல் ஓரம் வைத்தாலே இரைச்சல் குறையும். சிலர் போனை அலுமினியத் தாளில் சுற்றி வைக்கிறார்கள். அது தலைகீழ் வேலை. அரைகுறையாகச் சுற்றினால் சிக்னல் இளைத்து, போன் இன்னும் ஓங்கிக் கத்தத்தான் செய்யும், பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

தூரத்தின் கணக்கு நமக்குச் சாதகமானது. நேராக்கப்பட்டு வரும் இரைச்சல், பிடிபடும் ரேடியோச் சக்தியின் அளவைப் பொறுத்தது. தூரம் இரண்டு மடங்கானால் இரைச்சல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகும். ஒரு சாண் தூரத்தில் இருக்கும் போனை நாலு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனால் பதினாறில் ஒரு பங்கு. மிக அருகில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் பெரும்பாலான செட்டுகள் அடங்கிவிடும்.

அறிகுறி: விடாத "உர்ர்", போனில் கால் எதுவும் இல்லை

இது வேறு நோய். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். சத்தம் நிற்கவில்லை என்றால் ரேடியோவை மறந்துவிடுங்கள். போன் சார்ஜில் இருக்கிறதா, அதே நேரம் ஆக்ஸ் ஒயரும் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் அது கரண்டிலிருந்து வரும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் இரைச்சல். பாட்டு ஓடும்வரை சார்ஜ் போடாமல் இருங்கள், அல்லது பவர் பேங்கில் போடுங்கள்.

தொலைவில் வைத்தும் போகவில்லை என்றால்: நுழையும் வழியைப் பிடிப்பது

சமீபத்தில் பார்த்த ஒரு செட்டை வைத்தே சொல்கிறேன். காசிமேட்டிலிருந்து வந்தது, நூறு வாட் மிக்சர் ஆம்ப்ளிஃபயர், இரண்டு மைக், ஒரு ஆக்ஸ். போனை எவ்வளவு தள்ளி வைத்தாலும் மேடையில் யாராவது போன் வைத்திருந்தால் கத்துகிறது என்றார் கொண்டுவந்தவர்.

சோதனைக்கு VoLTE-ஐ அணைத்த ஒரு போனை எடுத்துக்கொண்டேன். கால் போட்டு, திரையில் E வந்ததை உறுதி செய்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரிலிருந்து கை நீளத் தூரத்தில் வைத்தேன். ட்ரர்ர் என்று ஆரம்பித்தது. இனி குமிழ்களின் வேலை. எல்லா இன்புட் குமிழையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனதும் சத்தம் நின்றது. அப்படியானால் இரைச்சல் குமிழுக்கு முன்னால், இன்புட் பக்கத்தில்தான் நுழைகிறது. ஆக்ஸ் குமிழை ஏற்றினேன், ஒன்றுமில்லை. முதல் மைக்கை ஏற்றினேன், மெலிதாக வந்தது. இரண்டாவது மைக்கை ஏற்றியதும் முழுச் சத்தம். குமிழை அப்படியே விட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபயர் முனையில் அந்த மைக் ஜாக்கைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது. ஆக ஒயர்தான்.

போனைக் கையில் எடுத்து அந்த ஒயரின் நெடுக மெதுவாகக் கொண்டுபோனால், எங்கே சத்தம் உச்சத்துக்கு ஏறுகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. இதில் மைக் முனைக்குப் பக்கத்தில் ஏறியது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், உள் கம்பியைச் சுற்றியிருக்கும் பின்னல் முழுக்கப் பச்சைப் பொடி. கடல் காற்றில் உப்பு ஏறி, செம்பு அரித்து, கால் பங்கு இழைகள்தான் பற்றவைப்பில் தொங்கிக்கொண்டிருந்தன. இது இரண்டு வகையில் கெடுதல். பின்னல் அறுந்த இடத்தில் உள் கம்பி வெளியே தெரியும், ஆன்டெனா ஆகும். அதோடு அரித்த செம்பும் பாதி தொட்டும் தொடாமலும் இருக்கும் இணைப்பும் சில நேரம் தானே ஒரு மட்டமான டயோடாக வேலை செய்து, அங்கேயே அலையை நேராக்கிவிடும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் செட்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பச்சைப் பொடியை வருடத்துக்கு ஒரு முறையாவது பிளக்கைத் திறந்து பார்ப்பது நல்லது.

பளபளப்பான செம்பு வரும் வரை ஒயரை வெட்டித் தள்ளி, பின்னலை முழுவதும் சேர்த்து முறுக்கி, மறுபடி பற்றவைத்தேன். இரைச்சல் பெரிய அளவில் குறைந்துவிட்டது, ஆனால் முழுதாகப் போகவில்லை. முதல் மைக்கில் ஏற்கெனவே இருந்த அளவுக்கு வந்து நின்றது. அந்த மிச்சம் இந்த ஆம்ப்ளிஃபயரின் இன்புட் அமைப்பிலேயே உள்ளது.

அதற்கு ஒரு சின்ன வேலை. ஆம்ப்ளிஃபயருக்குள்ளே ஒவ்வொரு மைக் ஜாக்கின் முனைக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 100 பிகோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்று வைத்தேன். கால்களை முடிந்தவரை ஒட்ட வெட்டி, ஜாக்கின் மேலேயே பற்றவைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெரிய கெபாசிட்டர் போட்டால் அதிகமாக அடக்கும் என்று 0.1 மைக்ரோஃபாரட் போடுகிறார்கள், கால்களையும் நீளமாக விட்டுவிடுகிறார்கள். 900 மெகாஹெர்ட்ஸில் ஒரு சென்டிமீட்டர் கால்கூட ஒரு காயில் மாதிரி நடந்துகொண்டு அலையைத் தடுத்துவிடும், கெபாசிட்டர் இருந்தும் இல்லாதது போலத்தான். பெரிய மதிப்பு ட்ரெபிளையும் விழுங்கும். 100 பிகோஃபாரட் மட்டும் என்றால் 600 ஓம் மைக்கின் பாட்டில் எந்த மாற்றமும் தெரியாது. சர்ஃபேஸ் மவுண்ட் போர்டாக இருந்தால் 900-க்கு 33 அல்லது 39 பிகோஃபாரட்டும், 1800-க்கு 10 பிகோஃபாரட்டும் இன்னும் நன்றாக அடக்கும், ஏனென்றால் அந்த மதிப்புகளில் சின்னச் சில்லு கெபாசிட்டர் ஏறக்குறைய அந்த அதிர்வெண்ணிலேயே குறுக்குவழி ஆகிவிடுகிறது. கிடார் போன்ற உயர் இம்பீடன்ஸ் கருவி செருகும் ஜாக்கில் மட்டும் 100 போடாதீர்கள், மேல்ஸ்தாயி மங்க ஆரம்பிக்கலாம். அங்கே 33 போதும்.

செட்டை மூடி, அதே போனை அதே தூரத்தில் வைத்துக் கால் போட்டோம். இரண்டு மைக்கும் முழுக்க ஏற்றியிருந்தும் இரைச்சல் இல்லை. போனை ஜாக்கில் உரசுகிற அளவு கொண்டுபோனபோதுதான் மெலிதாக வந்தது. அதற்கு மேல் அந்தப் பெட்டியில் செய்ய ஒன்றுமில்லை, தேவையும் இல்லை. வாடகைக்கு மைக் விடுபவர்கள் புது ஒயர் வாங்கும்போது, ஆம்ப்ளிஃபயரில் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் இன்புட் இருந்தால் அதற்கேற்ற ஒயரையே வாங்கிக்கொள்ளலாம். இரண்டு உள் கம்பியிலும் ஒரே அளவாக ஏறும் இரைச்சலை இன்புட் கழித்துவிடும். ஆனால் அதிலும் பின்னல் நன்றாக இருந்தால்தான் பலன்.

எல்லாக் குமிழும் பூஜ்யத்தில் இருந்தும் கத்தினால்

அப்போது இரைச்சல் குமிழுக்குப் பிறகு நுழைகிறது, பெரும்பாலும் ஸ்பீக்கர் ஒயர் வழியாக. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் வெளியே மட்டும் போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டிலிருந்து ஒரு பங்கு ஃபீட்பேக்காகத் திரும்பி உள்ளே முதல் டிரான்சிஸ்டருக்கு வருகிறது. ஒயர் பிடித்த அலையும் அதே வழியில் வந்து அங்கே நேராகிறது. கம்ப்யூட்டர் பக்கத்தில் வைக்கும் சின்ன பிளாஸ்டிக் ஸ்பீக்கர்களில் இது சாதாரணம்.

சோதிப்பது சுலபம். இன்புட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, போனை ஸ்பீக்கர் ஒயரின் ஓரமாக நகர்த்துங்கள். சத்தம் கூடினால் உறுதி. ஒயர் தேவைக்கு மேல் நீளமாகச் சுருண்டு கிடந்தால் வெட்டிச் சுருக்குங்கள். பிறகு, பிளவுபட்டுத் திறந்து மூடும் ஃபெரைட் மணியை அந்த ஒயரில் மாட்டுங்கள். பழைய மானிட்டர் கேபிள்களில் உருண்டையாகத் தொங்குமே, அதுதான். பர்மா பஜாரில் பழைய கேபிள் வாங்கி அதிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லா ஃபெரைட்டும் 900 மெகாஹெர்ட்ஸில் ஒரே மாதிரி அடக்காது. ஒன்று வேலை செய்யவில்லை என்றால் வேறு கேபிளிலிருந்து எடுத்ததை மாட்டிப் பார்க்க வேண்டும். மாட்ட வேண்டிய இடம் ஸ்பீக்கர் முனை இல்லை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயர் வெளியே வரும் இடத்துக்கு ஒட்ட, இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தள்ளி மாட்டினால், ஃபெரைட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் இருக்கும் ஒயரே மறுபடி ஆன்டெனா ஆகிவிடும்.